முன்னாள் ஊழியருக்குப் பரிந்துரைக் கடிதம்: ஏஜென்ட் அனுப்பிய மாதிரியில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் ஷாஃப்ட் கடைந்து தரும் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என்னிடம் நாலே முக்கால் வருஷம் சிஎன்சி லேத் பார்த்த பையன் போன வருஷம் நின்றுவிட்டான். இப்போது ஓமனில் வேலைக்குப் போகிறான். ரெஃபரன்ஸ் லெட்டர் கேட்கிறான். ஏஜென்ட் ஒரு மாதிரி அனுப்பியிருக்கிறார், லெட்டர்பேடில் அடித்துக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அதில் 7 வருஷ அனுபவம், சீனியர் இன்ஜினியர் என்றெல்லாம் இருக்கிறது. பையன் வேலையில் கெட்டிக்காரன், ஆனால் நேரத்துக்கு வரமாட்டான். அவனுக்கு நல்லது நடக்க வேண்டும், நானும் மாட்டிக்கொள்ளக் கூடாது. என்ன எழுதுவது?

பதில்: அந்த மாதிரியில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வரியை மட்டும் திருத்திக்கொண்டும் போடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதுதான் அந்தப் பையனுக்கு அதிகம் உதவும்.

காரணம் எளிது. வளைகுடாவுக்கு மெஷின் ஆபரேட்டர் எடுப்பவர்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு மட்டும் விசா அனுப்புவதில்லை. பெரும்பாலும் இங்கேயே டிரேட் டெஸ்ட் வைப்பார்கள். டிராயிங்கைக் கையில் கொடுத்து, மெஷினை செட் செய்து ஒரு பீஸ் போட்டுக் காட்டச் சொல்வார்கள். சில இடங்களில் அங்கே போன பிறகும் சோதிப்பார்கள். கடிதத்தில் '7 வருடம், எல்லா சிஎன்சி மெஷினும் தெரியும், புரோகிராமிங் நிபுணர்' என்று இருந்தால் டெஸ்டும் அந்த அளவுக்கே இருக்கும். லேத் மட்டும் தெரிந்த பையனை விஎம்சி என்னும் மில்லிங் மெஷின் முன்னால் நிறுத்துவார்கள். ஷாஃப்ட் வேலையில் அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைப் பார்க்கும் முன்பே அவன் பொய்க்காரன் என்ற பேர் விழுந்துவிடும். உங்கள் மிகைப்புகழ்ச்சிக்கான விலையை அவன் கொடுப்பான், கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தோடு.

ஏஜென்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இந்த வேலையில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். வேலை விளம்பரத்தில் '5 வருட அனுபவம்' என்று இருந்தால், நாலே முக்கால் வருடத்தை 7 ஆக்குவது அவருக்கு ஒரு நிமிட வேலை. கமிஷன் கைக்கு வந்துவிடும், பின்விளைவு எதுவும் அவரைத் தொடாது. அதோடு, ஒரே மாதிரியைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். பேரை மட்டும் மாற்றிய அதே வாசகங்கள் ஒரே கம்பெனிக்கு நான்கு ஒர்க்‌ஷாப்களிலிருந்து போனால், படிப்பவருக்குத் தெரியாதா?

பையனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அப்புறம் உங்களுக்கு ஒன்று: கையெழுத்திட்ட வெற்று லெட்டர்பேடை யாருக்கும் தராதீர்கள். 'பையன் அவசரத்தில் இருக்கிறான் சார்' என்று கேட்பார்கள். அதில் என்ன அடிக்கப்பட்டது என்பது உங்களுக்கு வருடக்கணக்கில் தெரியாமலே போகும்.

சரி, என்ன எழுதுவது? 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், சுறுசுறுப்பானவர்' என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். உண்மையாகவே இருந்தாலும் அவற்றால் பயனில்லை, யாரைப் பற்றியும் யாரும் எழுதலாம். படிப்பவர் தேடுவது மூன்றுதான்: இவர் எந்த மெஷினில் என்ன வேலை செய்தார், அதை எவ்வளவு நன்றாகச் செய்தார், அதைச் சொல்பவருக்கு எப்படித் தெரியும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் ஷிப்ட் ரிஜிஸ்டரில் இருக்கும். அந்தப் பையன் ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு மெஷினை செட் செய்யும் செட்டராக வந்திருப்பான் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு அளவு ஷாஃப்ட் முடிந்து அடுத்த அளவுக்கு மெஷினை மாற்றுவதற்கு ஆன நேரத்தைப் பாருங்கள். பழைய ஜாபின் கடைசி பீஸுக்கும், புதிய ஜாபின் முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆனதற்கும் இடையே உள்ள நேரம் அது. அவன் செட்டராவதற்கு முந்தைய சில பதிவுகளையும் பிந்தைய சில பதிவுகளையும் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். முன்பு சுமார் இரண்டு மணி நேரம், பின்பு சுமார் ஒன்றேகால் மணி நேரம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வரி பத்துப் பாராட்டுச் சொற்களுக்குச் சமம்.

ஆனால் அங்கேயே நின்று யோசியுங்கள். அதே சமயத்தில் நீங்கள் பீஸைப் பிடித்துக்கொள்ளும் புதிய சாஃப்ட் ஜா செட் வாங்கியிருந்தால் நேரம் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. அதையும் எழுதிவிடுங்கள். முழுப் பெருமையையும் ஒரே ஆளுக்குக் கொடுக்கும் கடிதத்தை அனுபவமுள்ள புரொடக்‌ஷன் மேனேஜர் நம்பமாட்டார். 'ஜாவும் மாறியது, டூல்களை முன்கூட்டியே எடுத்து வைக்கும் பழக்கத்தை இவர் கொண்டுவந்தார்' என்று இருந்தால் நம்புவார். ரிஜிஸ்டரே இல்லையென்றால் எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். 'மாற்றும் நேரம் கண்கூடாகக் குறைந்தது' என்று எழுதினால் போதும்.

ஒப்பீடு செய்யும்போதும் அளவு தெரிய வேண்டும். 'மிகச் சிறந்த ஆபரேட்டர்' என்றால் எத்தனை பேரில்? 'அப்போது என்னிடம் இருந்த ஆறு ஆபரேட்டர்களில், புதிய டிராயிங்கை முதலில் இவரிடம்தான் கொடுப்பேன்' என்று எழுதுங்கள். ஆறு பேர்தானே என்று கூச்சப்பட வேண்டாம், சின்ன எண்தான் நம்பிக்கை தரும்.

இனி அந்தத் தாமதப் பழக்கம். அதைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. பரிந்துரைக் கடிதம் நடத்தைச் சான்றிதழ் இல்லை, உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்த நல்லதைச் சொல்வது. ஆனால் 'நேரம் தவறாதவர்' என்றும் எழுதாதீர்கள். தெரியாததையும் இல்லாததையும் விட்டுவிடுங்கள், இருப்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

தேதி விஷயத்தில்தான் உங்களைப் போன்ற சின்ன ஒர்க்‌ஷாப்கள் பெரும்பாலும் மாட்டுகின்றன. பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கும் ஏஜென்சிகள் இப்போது பையனின் யூஏஎன் எண்ணை வைத்து பிஎஃப் கணக்கைப் பார்க்கின்றன. சேர்ந்த தேதியும் நின்ற தேதியும் அதில் இருக்கும். கடிதத்திலுள்ள தேதி அதோடு பொருந்தவில்லையென்றால் உடனே சிவப்புக் குறி. உதாரணமாக, பையன் 2019 ஜூனில் சேர்ந்திருப்பான், உங்கள் ஆள் பலம் 20-ஐத் தொட்ட பிறகு 2020 ஏப்ரலில்தான் பிஎஃப் தொடங்கியிருப்பீர்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஏஜென்சிக்காரர் கையில் இருப்பது 'ஆம் / இல்லை' என்ற இரண்டு கட்டம் உள்ள படிவம். சின்ன நிறுவனம் எப்படி வளர்கிறது என்பதற்கு அதில் இடமே கிடையாது. யோசிக்காமல் ஒரு டிக் போட்டு ஒருவன் வேலையைக் கெடுக்கிற இந்த முறையை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அதனால் நீங்களே முந்திக்கொண்டு விளக்கிவிடுங்கள்: 'ஜூன் 2019 முதல் மார்ச் 2024 வரை பணிபுரிந்தார், நிறுவனம் பிஎஃப் திட்டத்தில் சேர்ந்தது ஏப்ரல் 2020 என்பதால் அவரது பிஎஃப் பதிவு அன்றிலிருந்து தொடங்குகிறது.' பிஎஃப் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களின் சம்பளம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த ஸ்டேட்மென்டைப் பையன் கையில் வைத்திருக்கட்டும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உங்கள் சம்பளப் பதிவேட்டின் நகல் ஒன்றைக் கொடுங்கள். பிஎஃப் பொருந்தவேண்டும் என்பதற்காகச் சேர்ந்த தேதியை 2020 என்று மாற்றிப் போடுவது தவறு, அவன் உழைத்த பத்து மாதத்தை நீங்களே அழிப்பதாகும். இருபது பேருக்குக் குறைவாகவே எப்போதும் இருந்து பிஎஃப் இல்லையென்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நின்ற தேதியை பிஎஃப் தளத்தில் நீங்கள் பதிந்தீர்களா என்றும் பாருங்கள். பல முதலாளிகள் மறந்துவிடுகிறார்கள், அதனால் பையன் இன்னும் உங்களிடமே வேலை பார்ப்பதாகக் காட்டும்.

எல்லாம் சேர்ந்தால் கடிதம் இப்படி வரும். எண்களை உங்கள் பதிவேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். எளிய ஆங்கிலத்தில் போகட்டும், அலங்காரம் வேண்டாம்.

'திரு. (பெயர்) எங்கள் நிறுவனத்தில் ஜூன் 2019 முதல் மார்ச் 2024 வரை பணிபுரிந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் சிஎன்சி லேத் ஆபரேட்டர், பிறகு செட்டர். (பிஎஃப் பற்றிய வரி இங்கே.) நான் நிறுவன உரிமையாளர், அவருடைய வேலையைத் தினமும் நேரில் பார்த்தவன். ஃபானுக் கன்ட்ரோல் உள்ள இரண்டு அச்சு லேத்தில் எஸ்எஸ் 410 பம்ப் ஷாஃப்ட்கள் கடைந்தார். டிராயிங் படிப்பது, டூல் ஆஃப்செட் திருத்துவது, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து சரிபார்ப்பது ஆகியவற்றைத் தனியாகச் செய்வார். ஏற்கனவே உள்ள புரோகிராமில் அளவு மாற்றங்கள் செய்வார். புதிய புரோகிராம் எழுதும் பொறுப்பு இங்கே அவரிடம் இல்லை. செட்டரான பிறகு, டூல்களை முன்கூட்டியே எடுத்து வைக்கும் முறையை அவர் கொண்டுவந்ததாலும் நாங்கள் புதிய ஜா வாங்கியதாலும், ஜாப் மாற்றும் நேரம் சுமார் 2 மணியிலிருந்து 1¼ மணியாகக் குறைந்தது. அப்போது இருந்த ஆறு ஆபரேட்டர்களில் புதிய டிராயிங்கை முதலில் இவரிடம்தான் கொடுப்பேன். ஷாஃப்ட் போன்ற லேத் வேலைகளுக்கு இவரைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.'

புரோகிராம் பற்றிய அந்த வரியைப் பார்த்துப் பையன் முகம் சுளிப்பான். எடுக்காதீர்கள். தெரியாத ஒன்றை நேராகச் சொன்ன கடிதத்தில் மற்ற வரிகளுக்கும் மதிப்பு வரும், டிரேட் டெஸ்டும் அவனுக்குத் தெரிந்த மெஷினில் நடக்க வாய்ப்பு அதிகம். சம்பளத்தை எழுதலாமா என்று அவனிடமே கேளுங்கள். பழைய சம்பளத்தைப் பார்த்துப் புதியதைக் குறைப்பவர்கள் உண்டு, அவர்கள் கேட்காதவரை எழுத வேண்டாம்.

லெட்டர்பேடில் முகவரி, ஜிஎஸ்டி எண், தேதி, உங்கள் பேர், கையெழுத்து, யாராவது எடுக்கும் கைப்பேசி எண் எல்லாம் இருக்கட்டும். ஒரு நகலை ஃபைலில் வையுங்கள். உங்கள் கணக்குப்பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் போன் வரும்போது நீங்கள் இருக்கமாட்டீர்கள். 'சார், இவர் உங்ககிட்ட இன்ஜினியரா இருந்தாரா?' என்று கேட்டு, அவர் 'அப்படி யாரும் இல்லையே' என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. 'முதலாளி பேசுவார், இந்த எண்ணுக்குச் சாயங்காலம் கூப்பிடுங்கள்' என்று மட்டும் அவர் சொன்னால் போதும். நீங்கள் பேசும்போது கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு வருவாரா என்று நேராகக் கேட்டால், 'காலையில் சில நாள் தாமதமாக வந்ததுண்டு, அன்றைய வேலையை முடிக்காமல் போனதில்லை' என்று, உண்மை அதுவானால், அப்படியே சொல்லுங்கள். இந்தக் கேள்வி வரலாம் என்பதைப் பையனிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.