மாதா மாதம் ஆஸ்துமா ஊசி: பணம் கட்டும் முன் பழைய ரத்த ரிப்போர்ட்டைத் தேடுங்கள்

கேள்வி: என் மனைவிக்கு வயது 47. பத்து வருடமாக ஆஸ்துமா. கடந்த ஒரு வருடத்தில் நான்கு தடவை மூச்சு முட்டி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஈசினோஃபில் வகை கடும் ஆஸ்துமாவாக இருக்கலாம், மெபோலிசுமாப் ஊசி போடலாம் என்றார் டாக்டர். ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் 1% தான் வந்திருக்கிறது. ஆறு ஊசிக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?
– கொளத்தூர் வாசகர்

பதில்: இப்போது கட்டாதீர்கள். அதற்காக, 1% என்று வந்துவிட்டதே, ஊசி பொருந்தாது போல என்றும் முடிவுக்கு வராதீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு தேதிகளைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளின்படி உங்கள் மனைவி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மி.கி. ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். கடைசி மாத்திரை 12ஆம் தேதி. ரத்தம் எடுத்தது 14ஆம் தேதி. ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுவை பிரெட்னிசோலோன் வேகமாக ரத்தத்திலிருந்து விரட்டிவிடும். மாத்திரை நிறுத்திய இரண்டாம் நாள் எண்ணிப் பார்த்தால் குறைவாகத்தான் இருக்கும்.

அப்புறம், 1% என்பதை அப்படியே பார்க்கக் கூடாது. இந்த ஊசிக்கான வரம்பு சதவீதத்தில் இல்லை, ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் எத்தனை அணு என்பதில்தான் இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணு 8,200. அதில் 1% என்றால் 82. இப்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய மாஸ்டர் செக்கப் தாளுக்கு வாருங்கள். அப்போது அவர் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. மொத்தம் 8,600, ஈசினோஃபில் 7%. பெருக்கினால் 602. ஒரே ஆளுக்கு ஒரு தாளில் 82, இன்னொரு தாளில் 602.

டாக்டர்கள் பரவலாகப் பின்பற்றும் ஜீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி, 150 அல்லது 300க்கு மேல் இருந்தால் இந்த வகை ஊசிக்குப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கை எவ்வளவு கூடுதலோ, போன வருடம் எத்தனை தடவை மோசமானதோ, அந்த அளவுக்கு ஊசி பலன் தர வாய்ப்பும் கூடுதல். ஸ்டீராய்டு நிறுத்தி ஒன்றிரண்டு வாரமாவது கழிந்த பிறகு ‘அப்சொல்யூட் ஈசினோஃபில் கவுன்ட்’ என்று சொல்லிக் கேட்டு எடுங்கள். ஒரு தடவை குறைவாக வந்தால் மறுபடியும் எடுப்பார்கள். அதற்காக, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தினமும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, முடிந்த அளவு குறைந்த டோஸில் இருக்கும்போது எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் மனைவி இன்ஹேலரை முழுதாக எடுக்கிறாரா? தவறாக நினைக்க வேண்டாம், யாராக இருந்தாலும் இதைத்தான் முதலில் கேட்பேன். ‘கடும் ஆஸ்துமா’ என்பது, அதிக டோஸ் இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் அடங்காத ஆஸ்துமாவுக்கு மட்டும் உள்ள பெயர். ஆஸ்துமா உள்ள நூறு பேரில் நாலு பேருக்குள்தான் அப்படி இருப்பார்கள். வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி, மருந்துக் கடை பில்தான். 120 டோஸ் உள்ள இன்ஹேலரில் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று இழுத்தால் 30 நாளில் தீர்ந்துவிடும். வருடத்துக்குப் பன்னிரண்டு வாங்கியிருக்க வேண்டும். பில்லை எண்ணிப் பார்த்தால் ஐந்தோ ஆறோதான் இருக்கிறது என்றால் முதல் மருந்து அந்த விட்டுப்போன இன்ஹேலர்தான். ஊசிக்குக் கொடுக்கும் பணத்தில் சின்ன ஒரு பங்கில் வேலை முடியலாம். அடுத்த முறை போகும்போது டாக்டர் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பவுடர் வகையை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அழுத்தும் வகையை ஸ்பேசர் வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் இன்னொன்றையும் விடக் கூடாது. ஈசினோஃபில் கூடுவதற்கு ஆஸ்துமாவைத் தவிர வேறு காரணமும் இருக்கும். குடல் புழு, யானைக்கால் கிருமியால் வரும் நுரையீரல் பாதிப்பு, நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையால் வரும் ஒவ்வாமை என்று பட்டியல் உண்டு. எண்ணிக்கை 1,500ஐத் தாண்டினால் ரத்தக் குழாய் அழற்சி நோய் ஒன்றையும் டாக்டர்கள் தேடுவார்கள். இந்த ஊசிகள் தடுக்கும் ஈசினோஃபில்தான் புழுவை எதிர்க்கவும் உடம்புக்கு உதவுகிறது. அதனால் புழு இருந்தால் அதற்கு முதலில் மருந்து கொடுத்துவிட்டுத்தான் ஊசியைத் தொடங்க வேண்டும். மலப் பரிசோதனையும், ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் மொத்த ஐஜிஇ அளவும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் சேத்துப்பட்டு நெஞ்சக மருத்துவ நிலையமும் தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் இருக்கின்றன.

சரி, எல்லாம் பார்த்தபின் ஊசிதான் என்று முடிவானால் ஆறாகக் கட்ட வேண்டாம், நான்காகக் கட்டுங்கள். காரணம் அடுத்த கேள்விக்கான பதிலில் இருக்கிறது. விலை ஒப்பிடும்போதும் ஒரு ஊசிக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மெபோலிசுமாப் நான்கு வாரத்துக்கு ஒன்று, முதல் வருடம் பதின்மூன்று ஊசி. இதே வேலைக்கான இன்னொரு ஊசி பென்ராலிசுமாப். அது முதல் மூன்று மட்டும் நான்கு வாரத்துக்கு ஒன்று, பிறகு எட்டு வாரத்துக்கு ஒன்று, ஆக முதல் வருடம் எட்டுதான். தனி ஊசியாகப் பார்த்தால் கூடுதலாகத் தெரிவது வருடக் கணக்கில் குறைவாகவும் வரலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கடும் ஆஸ்துமாவுக்காக நான்கு மாதமாக ஊசி போடுகிறோம். ரத்தத்தில் ஈசினோஃபில் சுத்தமாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஊதும் பரிசோதனையில் 58% இருந்தது 61% தான் ஆகியிருக்கிறது. இவ்வளவு செலவு செய்து மூன்று சதவீதமா? நிறுத்திவிடலாமா?
– வேளச்சேரி வாசகி

பதில்: நீங்கள் அளவுகோலாக எடுத்த இரண்டுமே இந்தக் கேள்விக்குப் பதில் தராது. ஈசினோஃபில் குறைவது ஊசியின் நேரடி வேலை. ஊசியால் பலன் இல்லாதவருக்கும் அது குறையும். ஊதும் பரிசோதனையில் வரும் எண், பல வருட அழற்சியில் மூச்சுக் குழாய் தடித்துப்போனவர்களுக்குப் பெரிதாக ஏறாமல் போகலாம். அது ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து ஊசி தோற்றது என்று சொல்ல முடியாது. இந்த ஊசிகளை ஆய்வு செய்தவர்கள் முதன்மையாக எண்ணியது இரண்டை: வருடத்தில் எத்தனை தடவை மோசமாகி ஸ்டீராய்டு தேவைப்பட்டது, தினசரி ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம் குறைந்தது. 2014இல் வெளிவந்த மெபோலிசுமாப் ஆய்வில், தோலுக்கடியில் ஊசி போட்டவர்களுக்கு இப்படி மோசமாவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. முற்றிலும் நின்றுவிடவில்லை.

கடிதத்தோடு நீங்கள் எழுதி அனுப்பிய மாத்திரை விவரத்தை வைத்து அப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஊசிக்கு முந்தைய நான்கு மாதம், அதாவது 120 நாள், தினமும் பிரெட்னிசோலோன் 10 மி.கி. என்றால் 1,200. நடுவில் இரண்டு தடவை மோசமாகி ஐந்தைந்து நாள் 40 மி.கி. எடுத்தார். அந்த நாட்களில் வழக்கத்தைவிட 30 மி.கி. கூடுதல், பத்து நாளுக்கு 300. ஆக மொத்தம் 1,500 மி.கி. ஊசி தொடங்கிய பிறகு முதல் மாதம் 10, இரண்டாம் மாதம் 7.5, மூன்றாம் நான்காம் மாதங்களில் 5. மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால் 300, 225, 150, 150. கூட்டினால் 825. நடுவில் ஒரு தடவைகூட மோசமாகவில்லை. 1,500 எங்கே, 825 எங்கே! தினசரி டோஸ் பாதியாகிவிட்டது. சர்க்கரைக்கும் எலும்புக்கும் கண்ணுக்கும் ஸ்டீராய்டு செய்யும் கெடுதலை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. அப்பாவுக்கு ஊசி வேலை செய்கிறது என்றுதான் நான் படிப்பேன்.

நான்காவது மாதம் ஒரு சோதனைச் சாவடி மாதிரி. ஜீனா குறைந்தது நான்கு மாதம் போட்டுவிட்டுப் பார்க்கச் சொல்கிறது. பலன் தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை நீட்டிக்கலாம். பலனே இல்லை என்றால் நிறுத்திவிட்டு, நோய் இதுதானா என்று மறுபடி பார்த்து, வேறு ஊசிக்கு மாறலாம். அதனால்தான் கொளத்தூர்காரரை நான்குக்கு மேல் முன்பணம் கட்ட வேண்டாம் என்றேன். பிரிட்டனில் அரசு மருத்துவக் காப்பு இந்த மருந்துக்குப் பணம் கொடுக்கும் விதியும் இப்படித்தான்: பன்னிரண்டு மாதத்தில் மோசமாகும் தடவையோ தினசரி ஸ்டீராய்டோ கணிசமாகக் குறையவில்லை என்றால் நிறுத்த வேண்டும்.

அப்பாவின் அன்றாட நிலைக்கு ‘ஆஸ்துமா கன்ட்ரோல் டெஸ்ட்’ என்ற ஐந்து கேள்வித் தாளை மாதம் ஒருமுறை நிரப்பி வையுங்கள். 25க்கு மதிப்பெண். 20ம் அதற்கு மேலும் நல்ல கட்டுப்பாடு. மூன்று மதிப்பெண் கூடினாலே உண்மையான மாற்றம். ஊசிக்கு முந்தைய மதிப்பெண்ணைக் குறித்து வைக்காமல் தொடங்கிவிட்டால், பிறகு ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற பேச்சுதான் மிஞ்சும்.

இரண்டு எச்சரிக்கை. 5 மி.கி.க்குக் கீழே மாத்திரையைக் குறைப்பது டாக்டரின் வேலை. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கலாம். அந்தச் சுரப்பி தரும் கார்ட்டிசோல் காலையில் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துத்தான் இறக்குவார்கள். அதீத சோர்வு, எழுந்ததும் தலைசுற்றல், வாந்தி வந்தால் அன்றே காட்டுங்கள். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. நிறைய பேர், ஊசிதான் போடுகிறோமே என்று முதலில் நிறுத்துவது இன்ஹேலரைத்தான்.

கேள்வி: ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். வெளிநோயாளி சிகிச்சை என்று சொல்லி காப்பீடு தர மறுத்துவிட்டார்கள். வழி உண்டா?
– அண்ணாநகர் வாசகர்

பதில்: உண்டு. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், காப்பீட்டிலிருந்து ஒதுக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியல் இருக்கிறது. ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி அதில் ஒன்று. இந்த ஊசிகள் எல்லாமே அந்த வகைதான். ஆனால் நிறுவனம் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம். அதனால் பாலிசியில் ‘நவீன சிகிச்சை’ என்ற பகுதியைத் தேடி, டே கேர், அதாவது ஒரே நாளில் முடியும் சிகிச்சை பற்றி என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு வரை தருவார்கள் என்று படியுங்கள். அடுத்த ஊசிக்கு முன்னால், டே கேர் அனுமதியாகப் பதிவு செய்ய முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதும்போது ஸ்டீராய்டு தேவைப்பட்ட தேதிகள், மாத்திரை எடுக்காதபோது பார்த்த ஈசினோஃபில் எண்ணிக்கை, இன்ஹேலர் பில்கள், ஊசி ஏன் தேவை என்று டாக்டர் எழுதிய கடிதம் நான்கையும் இணையுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னை காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்தின் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போய்விடுங்கள்.