வேகம் வேறு, சரளம் வேறு: ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் கேள்வி-பதில்

நான் நிறுத்தாமல் வேகமாகப் பேசுபவன். இருந்தும் ஃப்ளூயன்ஸிக்கு மட்டும் 5.5 போட்டுவிட்டார்கள். ஏன்? (பொறியாளர், கோவை)

அந்த 5.5-ஐ எந்தத் தாளில் பார்த்தீர்கள்? ரிசல்ட்டில் ஸ்பீக்கிங்குக்கு ஒரே மதிப்பெண்தான் வரும். சரளமும் கோர்வையும் சேர்ந்து ஒன்று, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்குக்கும் தேர்வாளர் தனித்தனியாக முழு எண்ணில் போடுகிறார். நான்குக்கும் சம எடை. கூட்டி நான்கால் வகுத்ததுதான் உங்கள் கைக்கு வருகிறது. மொத்தம் 26 என்றால் 6.5, 28 என்றால் 7. ஆக, நீங்கள் சொல்வது ஏதோ கோச்சிங் சென்டரின் மாதிரித் தேர்வு மதிப்பெண். அதைக் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வேகம் வேறு, சரளம் வேறு. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதற்காக நிற்கிறீர்கள் என்பதைத்தான் தேர்வாளர் கவனிக்கிறார். என்ன சொல்லலாம் என்று யோசிக்க நின்றால் அது இயல்பு; 8 வாங்குபவரும் அப்படி நிற்பார். சொல்லுக்காகவோ இலக்கணத்துக்காகவோ அடிக்கடி நின்று, பேச்சின் இழை அறுந்தால் 6-க்கு இறங்கிவிடும். நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவில் அக்காவைப் பற்றிய இடத்தைக் கேளுங்கள்: "ஷி இஸ்... ஷி வாஸ்... ஷி ஹாஸ் பீன் ஒர்க்கிங்". ஒரே வாக்கியத்தை மூன்று முறை தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வாக்கியம் முடிந்ததும் மூச்சே விடாமல் அடுத்ததற்குள் போய்விட்டீர்கள். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, நிற்கக் கூடாத இடத்தில் மூன்று முறை நின்றிருக்கிறீர்கள். வாக்கியம் முடிந்ததும் நின்று, அடுத்ததை மனதில் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். சின்னப் பிழை விழுந்தால் விட்டுவிட்டு மேலே போங்கள். பொருளே மாறிப்போனால் மட்டும் திருத்தினால் போதும்.

'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' எத்தனை முறை சொன்னால் கோர்வைக்கு 7 கிடைக்கும்? (கல்லூரி மாணவி, மதுரை)

எத்தனை முறை சொன்னாலும் கிடைக்காது. அவை கட்டுரைக்கு உரிய சொற்கள், வாய்ப்பேச்சில் துருத்திக்கொண்டு நிற்கும். கேட்டதற்கு நேராகப் பதில், அதற்குக் காரணம், ஒரு உதாரணம் என்று போனாலே கோர்வை வந்துவிடும். இணைக்க 'பிகாஸ்', 'ஸோ', 'தோ' போன்றவை தாராளமாகப் போதும்.

200 கியூ கார்டுகளுக்குப் பதில் மனப்பாடம் செய்துவிட்டேன். அதோடு 50 இடியம்களும். போதுமா? (செவிலியர், திருச்சி)

இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது. நானும் மாதாமாதம் ஒன்றையே சொல்கிறேன்: மனப்பாடம் வேண்டாம்.

தப்பு உங்களுடையது மட்டுமல்ல. "இந்த மாதம் வரப்போகும் கார்டுகள்" என்று பதில்களோடு அச்சடித்து விற்கிறார்களே, என் கோபம் அவர்கள் மேல்தான். அயர்லாந்துக்குப் போக வேண்டும் என்று கடன் வாங்கிப் பணம் கட்டுகிறவர் அதை நம்பி இரவெல்லாம் ஒப்பிக்கிறார். அந்தப் பணமும் அந்த இரவுகளும் வீணாகின்றன.

தேர்வறையில் நடப்பது இதுதான். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் ஊர், வேலை, படிப்பு பற்றிச் சின்னக் கேள்விகள். அங்கே உங்கள் சொந்த ஆங்கிலம் எப்படி என்று தேர்வாளருக்குத் தெரிந்துவிடும். அடுத்து கியூ கார்டு, அதாவது பேச வேண்டிய தலைப்பு எழுதிய அட்டை: ஒரு நிமிடம் குறிப்பெடுத்து, இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். இங்கே நீங்கள் திடீரென்று வழுவழுவென்று, ஏற்ற இறக்கமில்லாமல், கண்ணை மேலே செருகிக்கொண்டு ஒப்பித்தால், முதல் பகுதியில் பேசியவரும் இவரும் ஒருவர்தானா என்று யாருக்கும் தோன்றும். பிறகு மூன்றாம் பகுதி. கார்டையொட்டி நான்கைந்து நிமிடம் பொதுவான கேள்விகள். இங்கே தேர்வாளர் உங்கள் பதிலைப் பிடித்துக்கொண்டு மேலே துருவலாம். ஒப்பித்தவர் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார். ஒப்பித்த பகுதியைத் தள்ளிவிட்டு, மீதமுள்ள சொந்தப் பேச்சைத்தான் தேர்வாளர் எடை போடுவார்.

நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவையே எடுத்துக்கொள்வோம். "உதவி செய்த ஒருவர்" என்ற கார்டுக்கு, "ஷி இஸ் மை பில்லர் ஆஃப் ஸ்ட்ரெங்த்" என்று தொடங்கி, "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்று ஒரு இடியம் போட்டு, ஒன்றரை நிமிடம் தடங்கலே இல்லாமல் போகிறீர்கள். "அவர் அப்படி என்ன உதவி செய்தார்?" என்று உங்கள் தோழி குறுக்கே கேட்டதும் ஏழெட்டு நொடி மௌனம். பிறகு நீங்களாகவே சொன்னீர்கள்: முதல் நைட் டியூட்டியில் நோயாளிக்கு ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை, சீனியர் சிஸ்டர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டினார். அந்த நான்கு வாக்கியங்களில் 'வெய்ன்', 'ட்ரிப்', 'கேனுலா', 'நைட் ஷிஃப்ட்' எல்லாம் தானாகவே சரியான இடத்தில் வந்து விழுந்தன. காலத்தில் இரண்டு பிழை இருந்தது, இருக்கட்டும். சொல்வளத்துக்கு மதிப்பெண் அந்த நான்கு வாக்கியங்களுக்குத்தான், ப்ளூ மூனுக்கு இல்லை. அரிதான சொல்லும் இடியமும் 7-க்கு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அவை பேச்சோடு ஒட்டி வர வேண்டும், பக்கத்துச் சொல்லோடு பொருந்த வேண்டும்.

200 கார்டுகளை மூட்டை கட்டி வையுங்கள். உங்கள் வாழ்க்கையில் நடந்த பத்துப் பன்னிரண்டு சம்பவங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். ஒரே சம்பவம் நாலைந்து கார்டுகளுக்குப் பொருந்தும். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். எழுதினால் மறுபடியும் மனப்பாடம் ஆகிவிடும்.

ஒரு சொல் ஞாபகம் வராவிட்டால்? (நாகர்கோவில்)

சுற்றி வளைத்துச் சொல்லுங்கள். அம்மிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், மசாலா அரைக்கும் தட்டையான கல் என்று ஆங்கிலத்தில் சொன்னால் போதும். அப்படிச் சமாளிக்கும் திறனுக்கும் சொல்வளத்தில் மதிப்பு உண்டு. "ஐ ஃபர்காட் தி வேர்ட்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

பிரிட்டிஷ் உச்சரிப்பு கட்டாயமா? (ஐடி ஊழியர், சென்னை)

இல்லை. தமிழ் வாடையோடு 8 வாங்கலாம். கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் கேள்வி. நம்மவர்களுக்கு அடி விழுவது வேறு இடங்களில். ஒன்று, சொல்லின் எந்த அசையை அழுத்துவது என்பது. 'டெவலப்' என்பதில் அழுத்தம் 'வெ'யில் விழ வேண்டும், நாம் 'டெ'யை அழுத்துகிறோம். 'ஃபோட்டோகிராஃப்' சொல்லும்போது முதல் அசையில் இருக்கும் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபி' ஆனதும் இரண்டாம் அசைக்குப் போய்விடும். இன்னொன்று, கடைசியில் ஒட்டும் உகரம்: 'புக்கு', 'பேக்கு'. அப்புறம், எல்லா அசைக்கும் ஒரே நீளம் கொடுத்து தடதடவென்று ஓட்டுவது. இங்கேயும் அதையேதான் சொல்வேன், வேகம் வேண்டாம். வாக்கியத்தைப் பொருள் பார்த்துத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் முக்கியமான சொல்லை மட்டும் தூக்கிச் சொல்லுங்கள். நுனிநாக்கு அமெரிக்க இங்கிலீஷ் போலி செய்தால் பாதியில் கழன்றுவிடும், இருந்த தெளிவும் போய்விடும்.

நடுவிலேயே என்னை நிறுத்திவிட்டார். சிரிக்கவும் இல்லை. ஃபெயிலா? (சேலம்)

இந்தத் தேர்வில் பாஸ், ஃபெயில் கிடையாது. நேரம் முடிந்தால் அவர் நிறுத்தியே ஆக வேண்டும். முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது அவர் வேலை.

அரசாங்கத்தைத் திட்டினால் மதிப்பெண் குறையுமா? (பெயர் இல்லை)

குறையாது. கருத்துக்கு மதிப்பெண் இல்லை, அதைச் சொல்லும் மொழிக்குத்தான்.

ஸ்பீக்கிங் 6.5, எனக்கு 7 வேண்டும். மறுமதிப்பீடு கேட்கலாமா? (தூத்துக்குடி)

லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றிலும் 7.5, 8 என்று இருந்து இது மட்டும் இடித்தால் கேளுங்கள். தேர்வு ஒலிப்பதிவு ஆகியிருக்கும், வேறொரு தேர்வாளர் அதைக் கேட்டு மதிப்பிடுவார். ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் கூடினால் கட்டணம் திரும்பி வரும். எல்லாமே 6.5 பக்கம்தான் என்றால் அந்தப் பணத்தை அதில் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் எழுதியவராக இருந்தால், ஸ்பீக்கிங்கை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுதும் வசதி உங்கள் மையத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.