71-ஆம் பெட்டிக்குள் மிஞ்சிய அரைச் சுற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

நொடிக்கு 1000 சாம்பிள் வீதம், ஒரு நொடி நீளத்துக்கு 50 ஹெர்ட்ஸ் அலையை உருவாக்கி, எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி எடுத்தால் ஒரே ஒரு கோடு வருகிறது. 50.5 ஹெர்ட்ஸ் என்று மாற்றினால் படம் முழுக்கப் பரவிவிடுகிறது, 200 ஹெர்ட்ஸில்கூட ஏதோ இருக்கிறது. முதலில் ஹான் விண்டோவால் பெருக்கச் சொல்கிறார்கள். பெருக்கினால் சரியாகிறதுதான். ஆனால் சிக்னலின் இரண்டு முனைகளையும் நசுக்கிவிட்டு எடுக்கும் விடை எப்படி அதிக உண்மையாக இருக்க முடியும்? எஃப்எஃப்டி எடுத்துவிட்டு அப்புறம் சுத்தம் செய்துகொள்ளக் கூடாதா?

க.

அன்புள்ள க.,

வழக்கமான விளக்கத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். எஃப்எஃப்டி உங்கள் ஒரு நொடித் துண்டை முடிவில்லாமல் ஒட்டிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்கிறது, ஒட்டுமிடத்தில் அலை துள்ளுகிறது, அந்தத் துள்ளல்தான் இப்படிப் பரவுகிறது என்பார்கள். தப்பில்லை. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு கசியும் என்று கேட்டால் அந்தப் படம் கைகொடுக்காது. எஃப்எஃப்டி ஒவ்வொரு முழு ஹெர்ட்ஸுக்கும் ஒரு பெட்டி வைத்து அதில் ஒரு எண்ணைப் போடுகிறது. எனக்குப் பிடித்த வழி, ஏதாவது ஒரு பெட்டிக்குள் நுழைந்து அங்கே நடக்கும் கூட்டலைப் பார்ப்பது.

71 ஹெர்ட்ஸ் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அங்கே நடப்பது இவ்வளவுதான்: உங்கள் சிக்னலை 71 ஹெர்ட்ஸ் அலையால் சாம்பிள் சாம்பிளாகப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, சராசரி எடுத்து, இரட்டிக்கிறோம். இரண்டு அலைகளைப் பெருக்கினால் அவற்றின் வித்தியாசத்தில், பாதி உயரத்தில் ஒரு அலை பிறக்கும்; இரட்டிப்பது அதற்காகத்தான். (கூட்டுத்தொகையிலும் ஒன்று பிறக்கும். அதன் பங்கு இங்கே சிறியது, இப்போதைக்கு விட்டுவிடலாம்.) 71-லிருந்து 50.5 போனால் 20.5. அதாவது அந்த ஒரு நொடிக்குள் இருபதரைச் சுற்று. முழுச் சுற்று ஒவ்வொன்றிலும் மேடும் பள்ளமும் அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். இருபது சுற்றும் அப்படியே காலி. மிஞ்சிய அரைச் சுற்றுக்குத்தான் ஜோடி இல்லை. அரைச் சுற்றின் சராசரி உயரம் 2/π. மொத்தமுள்ள 20.5 சுற்றில் அது அரைதான், ஆகவே கசிவு 1/(π × 20.5), ஏறத்தாழ 0.0155. பெட்டி சைனாலும் கொசைனாலும் தனித்தனியாகப் பெருக்கிப் பார்ப்பதால், அந்த அரைச் சுற்று எங்கே தொடங்கினாலும் இரண்டில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும்.

சிக்னல் 50 ஹெர்ட்ஸாக இருந்தால் வித்தியாசம் 21, முழு எண். எல்லாச் சுற்றும் அடிபட்டுப் பூஜ்யம். அதனால்தான் அங்கே ஒற்றைக் கோடு.

ஆக, 71-இல் எந்த ஒலியும் இல்லை. மிச்சமான அரைச் சுற்றுதான் அங்கே எண்ணாக நிற்கிறது. தொந்தரவு என்னவென்றால், அது மெதுவாகத்தான் தேயும். தூரம் இரட்டித்தால் கசிவு பாதியாகிறது, அதாவது 6 டெசிபெல் குறைகிறது, அவ்வளவுதான். 200 ஹெர்ட்ஸில் நீங்கள் பார்த்ததும் இதே வால்தான். உச்சியும் கெடுகிறது. வீச்சு 1 உள்ள அலைக்கு 50-ஆம் பெட்டியிலும் 51-ஆம் பெட்டியிலும் 0.64 அளவில்தான் வரும்.

இதனால் என்ன குடிமுழுகிப் போகிறது? பக்கத்தில் உண்மையிலேயே ஒரு மெல்லிய ஒலி இருந்தால் தெரியும். வீச்சு ஆயிரத்தில் ஒரு பங்குள்ள 71 ஹெர்ட்ஸ் அலை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்:

```python
import numpy as np
N = 1000
n = np.arange(N)
x = np.cos(2*np.pi*50.5*n/N) + 0.001*np.cos(2*np.pi*71*n/N)
w = 0.5 - 0.5*np.cos(2*np.pi*n/N)
A = 2*np.abs(np.fft.rfft(x)) / N
B = 2*np.abs(np.fft.rfft(x*w)) / w.sum()
print(A[71], B[71])
```

விண்டோ இல்லாத `A[71]` 0.0182 என்று வரும். மெல்லிய அலையை நீக்கிவிட்டு ஓட்டினால் 0.0181. (நான் சொன்ன 0.0155-ஐ விடக் கூடுதலாக இருப்பது, ஒதுக்கி வைத்த அந்தக் கூட்டுத்தொகை அலையால்.) மெல்லிய ஒலி இருக்கிறதா இல்லையா என்பதை இந்த இரண்டு எண்களை வைத்து யார் சொல்ல முடியும்? விண்டோவோடு எடுத்த `B[71]` 0.001. மெல்லிய அலையை நீக்கினால் 0.00004-க்கும் கீழே விழுந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது? அதே இருபதரைச் சுற்றைப் பாருங்கள். ஹான் விண்டோ ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு எடை கொடுக்கிறது. அந்த எடை பூஜ்யத்தில் தொடங்கி, நடுவில் 1 வரை ஏறி, திரும்பப் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. எடை மெதுவாக மாறுவதால் பக்கத்துப் பக்கத்து மேடும் பள்ளமும் கிட்டத்தட்ட ஒரே எடையில் அடிபடுகின்றன. ஜோடி இல்லாத அரைச் சுற்று முனையில்தான் தங்கும், முனையிலோ எடையே இல்லை. இப்போது கசிவு தூரத்தின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரட்டித்தால் 18 டெசிபெல்.

முனைகளை நசுக்குவது பற்றிய உங்கள் சங்கடத்துக்கு வருகிறேன். விண்டோ போடாமல் இருப்பது என்று ஒன்று கிடையாது. ஒரு நொடியோடு பதிவை நிறுத்தினீர்களே, அதுவே ஒரு விண்டோ. சட்டென்று 1-க்கு ஏறி, சட்டென்று பூஜ்யத்துக்கு விழும் செவ்வகம். சிக்னலை முதலில் வெட்டியது நீங்கள்தான். ஹான் அந்த வெட்டின் ஓரத்தைச் சாய்க்கிறது.

அதற்கு விலை உண்டு. தனிக் கோடாக இருந்த 50 ஹெர்ட்ஸ், ஹான் போட்டதும் மூன்று பெட்டிகளுக்குப் பரவும்: 0.5, 1, 0.5. ஒன்றரை ஹெர்ட்ஸ் இடைவெளியில் சம வலுவுள்ள இரண்டு ஒலிகள் இருந்தால் ஒன்றாகக் குழைந்துவிடலாம். 50.5-க்கும் உச்சி 0.85 வரைதான் எட்டும். துல்லியமான வீச்சுதான் வேண்டுமென்றால் ஃபிளாட் டாப் விண்டோ இருக்கிறது, அது இதைவிடவும் அகலம். அப்புறம், `w.sum()`-ஆல் வகுக்க மறந்து `N`-ஆல் வகுத்தால் எல்லா வீச்சும் பாதியாக வரும். படத்தின் வடிவம் சரியாகவே இருப்பதால் இது கண்ணில் படாது.

பிறகு சுத்தம் செய்யலாமா என்றால், ஹானைப் பொறுத்தவரை செய்யலாம்! ஒவ்வொரு பெட்டிக்கும் `X[k]/2 - X[k-1]/4 - X[k+1]/4` என்று போட்டால் முன்பே பெருக்கியதும் இதுவும் ஒன்றுதான். 70, 71, 72 மூன்றிலும் கசிவு ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் இந்தக் கழித்தலில் கரைந்துவிடும். ஆனால் `X` கலப்பெண்ணாக இருக்கும்போதே செய்ய வேண்டும். `abs` எடுத்தால் கட்டம், அதாவது அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற தகவல், போய்விடும். எங்கள் 0.001, கசிவுக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக நின்றதால்தான் 0.0181-ஐ 0.0182 ஆக்குவதோடு நின்றது. அந்த எண்களை எவ்வளவு வழித்தாலும் அது திரும்பி வராது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு அதை வழவழப்பாக்க நினைப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வேறு விண்டோக்களுக்கு இவ்வளவு சுருக்கமான சூத்திரமும் பெரும்பாலும் கிடைக்காது, முன்பே பெருக்கிவிடுவது எளிது.

ஒரு மேடு கசிவா நிஜமா என்று சந்தேகம் வந்தால் பதிவின் நீளத்தை மாற்றிப் பாருங்கள். உங்கள் அலையையே இரண்டு நொடிக்கு எடுத்தால் சரியாக 101 சுற்று வரும், விண்டோ இல்லாமலே வால் மறைந்துவிடும், 71-இல் உள்ள நிஜ ஒலி மட்டும் நிற்கும். அதிர்வெண் முன்கூட்டியே தெரிந்து, சாம்பிளிங்கையும் அதோடு பூட்ட முடிந்தால் விண்டோவே வேண்டாம். சுத்தியலால் தட்டிய அதிர்வு மாதிரி, பதிவுக்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே அடங்கிவிடும் சிக்னலுக்கும் ஹான் போடாதீர்கள். அங்கே விஷயம் எல்லாம் தொடக்கத்தில்தான் இருக்கிறது, ஹான் முதலில் அழிப்பதும் அதைத்தான்.