கிளவுட் சேவ் மோதல்: எதை வைத்துக்கொள்வது?

"விளையாட்டைத் திறந்தால் எந்த சேவை வைத்துக்கொள்ளணும்னு கேட்குது. போனில் 212ஆம் லெவல், கிளவுடில் 180. ஆனால் கிளவுட் தேதிதான் புதுசு. எதை அமுக்கணும்?"

இப்போதைக்கு எதையும் அமுக்காதீங்க. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. தேதி என்பது கடைசியாகப் பதிவேறிய நேரம் மட்டுமே. பழைய டேப்லெட்டில் விளையாட்டைத் திறந்திருந்தால், அந்த 180 புதுத் தேதியோடு ஏறியிருக்கும். அதனால் லெவலைப் பாருங்க.

விளையாட்டை மூடி, ஏரோபிளேன் மோடில் திறங்க. 212, காசு, வாங்கிய பொருட்கள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்க. பிறகு இணையத்தைப் போட்டு, போனில் உள்ளதைத் தேர்ந்தெடுங்க. ஒரு லெவல் முடித்து, அது பதிவேறும்வரை விளையாட்டைத் திறந்தே வைங்க. அடுத்து டேப்லெட்டில் கேட்டால் கிளவுடைத் தேர்ந்தெடுங்க.

அதுவரை போனில் டேட்டாவை அழிக்கவோ அன்இன்ஸ்டால் செய்யவோ வேண்டாம். 212 இருப்பது அங்கே மட்டும்தான்.