எதிரணியின் வாதம் எங்கே முறிகிறது?

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். விவாதப் போட்டியில் எதிரணி பேசும்போது ஏதோ தப்பு இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் மேடையில் அதைச் சொல்ல வரவில்லை. தர்க்கம், தர்க்கப் பிழைகள் பற்றி எந்தப் புத்தகங்களைப் படிக்கலாம்? எதிலிருந்து தொடங்குவது? அடுத்த போட்டிக்கு மூன்று மாதம் இருக்கிறது.
— ஒரு வாசகி

பதில்: அந்தோணி வெஸ்டன் எழுதிய 'எ ரூல்புக் ஃபார் ஆர்க்யுமென்ட்ஸ்' என்ற சின்னப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரத்தில் படித்துவிடலாம். நல்ல வாதத்தை எப்படிக் கட்டுவது என்பதைச் சிறு சிறு விதிகளாகச் சொல்கிறார். எடுத்துக்காட்டு ஒன்று போதாது, ஒப்புமை சொன்னால் ஒற்றுமை பொருத்தமான இடத்தில் இருக்க வேண்டும், இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடந்தால் அதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று போகும். பிழைகளின் பட்டியலைப் புத்தகத்தின் கடைசியில்தான் வைத்திருக்கிறார். அந்த வரிசை உங்களுக்கு முக்கியம்.

ஏனென்றால் பெரும்பாலான மாணவர்கள் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அலி அல்மொசாவியின் 'ஆன் இல்லஸ்ட்ரேட்டட் புக் ஆஃப் பேட் ஆர்க்யுமென்ட்ஸ்' (2013) விலங்குப் படங்களோடு 19 பிழைகளை விளக்குகிறது. ஒரே உட்காரலில் முடிந்துவிடும். பெயர்களை அறிமுகப்படுத்திக்கொள்ள அழகான புத்தகம். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் மேடையில் என்ன செய்கிறார்கள் என்பதை நடுவராக உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு போட்டியில் தலைப்பு, 'வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டும்.' எதிர்த்துப் பேசியவர் சொன்னார்: "வீட்டுப்பாடம் இல்லையென்றால் பிள்ளைகள் வீட்டில் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். தொடாவிட்டால் மதிப்பெண் குறையும். குறைந்தால் தேர்வை எளிதாக்கச் சொல்வார்கள். எளிதாக்கினால் நாளைக்குப் பட்டத்துக்கே மதிப்பிருக்காது." மறுக்க எழுந்த பெண், "இது சறுக்குச்சரிவுப் பிழை" என்று சொல்லிவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விட்டார். அவர் கண்டுபிடித்தது சரிதான். இருந்தும் அந்த மறுப்புக்கு நான் மதிப்பெண் போடவில்லை. சில சரிவுகளில் உண்மையாகவே சறுக்கும். இந்தச் சரிவில் ஏன் சறுக்காது என்று அவர் சொல்லவே இல்லை.

அந்த வாதத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு கண்ணிகள் இருக்கின்றன. முதல் கண்ணியில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறுத்தால் உங்கள் நேரம்தான் போகும். இரண்டாவதற்கும் ஏதாவது சான்று காட்டுவார்கள். மூன்றாவதைப் பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் தேர்வை எளிதாக்குவார்கள் என்பதற்கு ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. கற்பிக்கும் நேரத்தைக் கூட்டலாம், வகுப்பிலேயே பயிற்சி கொடுக்கலாம். சங்கிலி அறுவது அங்கேதான். "மதிப்பெண் குறைந்தாலும் அதற்கு மருந்து தேர்வை எளிதாக்குவதுதான் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? வகுப்பு நேரத்தில் பயிற்சி கொடுத்தால் உங்கள் சங்கிலி மூன்றாவது கண்ணியிலேயே நின்றுவிடுகிறது" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் பதினைந்து வினாடிதான் ஆகியிருக்கும். பிழையின் பெயரே வந்திருக்காது.

நீண்ட சங்கிலி ஏன் பலவீனமானது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு படியும், அதற்கு முந்தைய படி நடந்துவிட்டால், பத்துக்கு ஏழு முறை நடக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கு படியும் நடந்து முடிய 0.7 × 0.7 × 0.7 × 0.7, அதாவது ஏறத்தாழ 0.24. கேட்கும்போது உறுதியாகத் தெரிந்த முடிவு நூற்றுக்கு 24 ஆகிவிடுகிறது. ஆனால் இந்த ஏழு நாமாக வைத்துக்கொண்ட எண். மேடையில் இதைப் புள்ளிவிவரம் போலச் சொல்லிவிடாதீர்கள், எதிரணி அதையே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து நான் சொல்லப்போவதைத் தர்க்கப் புத்தகமாக நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்: மணிமேகலையின் 29ஆம் காதை. அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்றுக்கொடுக்கும் பகுதி அது. ஒரு வாதத்தில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று மூன்றைப் பிரித்துக் காட்டுகிறது: நிறுவ வந்த கூற்று, அதற்குக் காரணம், எடுத்துக்காட்டு. பிறகு பிழைகளையும் அவை நேரும் இடத்தை வைத்தே பிரிக்கிறது. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. விவாதிக்கிறவருக்கு இதைவிட வசதியான பகுப்பை நான் பார்த்ததில்லை. பெயர் நினைவுக்கு வராவிட்டாலும், பழுது கூற்றிலா, காரணத்திலா, எடுத்துக்காட்டிலா என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏதுப் போலிகளில் இரண்டை மட்டும் ஊன்றிப் படியுங்கள். ஒன்று, தெரிவது புகையா பனியா என்ற ஐயம் தீராமலேயே நெருப்பு உண்டு என்று துணிவது. சரிபார்க்காத செய்தியை ஆதாரமாகக் காட்டும் எந்தப் பேச்சாளரும் செய்வது இதுதான். இன்னொன்று அன்னியதராசித்தம்: வாதிக்கும் இருவரில் ஒருவர் ஒப்புக்கொள்ளாத காரணத்தின் மேல் வாதத்தைக் கட்டுவது. நம் அணியில் எல்லோருக்கும் வெளிச்சமாகத் தெரிவதை எதிரணி ஏற்கவே இல்லை என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோமே, அந்தத் தவறு. மூலத்தை உரையில்லாமல் படிப்பது கடினம். கடைசி நான்கு காதைகளுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை எழுதிய உரை உண்டு. நூலகத்தில் அதைக் கேளுங்கள்.

மூன்றாவதாக டக்ளஸ் வால்டனின் 'இன்ஃபார்மல் லாஜிக்' (1989). இது கனமான நூல், முழுவதும் படிக்க வேண்டாம். நிபுணர் சொல்லைச் சான்றாகக் காட்டுவது, ஆளைத் தாக்குவது ஆகிய இரண்டு பகுதிகள் போதும். பட்டியல் நூல்களைப் படித்தவர்கள் நிபுணர் பெயரைக் கேட்டதுமே பிழை என்று கூவிவிடுகிறார்கள். வால்டன் அப்படி விடுவதில்லை. அந்த நிபுணர் உண்மையாகவே இந்தத் துறையில் நிபுணரா, சரியாக என்ன சொன்னார், அதே துறையின் மற்றவர்கள் ஒத்துப்போகிறார்களா, அவருக்கு இதில் சொந்த ஆதாயம் உண்டா என்று கேட்கச் சொல்கிறார். நான்கிலும் தேறினால் அது நல்ல சான்று. நீங்கள் அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஒன்றில் தவறினாலும் அந்தக் கேள்வியையே மறுப்பாக மேடையில் வைக்கலாம்.

குறியீட்டுத் தர்க்கத்துக்கான பெரிய பாடநூல்களை இந்த மூன்று மாதத்தில் தொட வேண்டாம். அங்கிருந்து உங்களுக்குத் தேவையானது ஒன்றே ஒன்று. 'மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது' என்பது செல்லாது. 'தரை நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை' என்பது செல்லும். இந்த இரண்டும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

முதல் மாதம் வெஸ்டனும் அல்மொசாவியும், இரண்டாவது மாதம் மணிமேகலையும் வால்டனின் அந்த இரு பகுதிகளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் புத்தகத்தை மூடிவிட்டு, தினமும் ஒரு விவாதப் பதிவைக் கேளுங்கள். ஒரு வாதத்தை எடுத்து கூற்று, காரணம், எடுத்துக்காட்டு என்று மூன்று வரியில் எழுதுங்கள். நான்காவது வரியில், பேசியவர் சொல்லாமல் விட்ட இணைப்பை எழுதுங்கள். பல நாள் பழுது அந்த நான்காவது வரியில்தான் கிடைக்கும். பிறகு மறுப்பை எழுதி, அதிலிருந்து பிழையின் பெயரை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெயர் போனதும் மிச்சம் ஒன்றும் இல்லையென்றால், அந்த மறுப்பைத் திரும்ப எழுதுங்கள்.