வாடகைக்கு 18 சதவீதம்: யார் கட்டுவது, எப்படித் திரும்பப் பெறுவது?

கேள்வி: ஈரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஜிஎஸ்டி பதிவு உண்டு. ஏப்ரலில்தான் இந்தக் கட்டடத்துக்கு மாறினேன், வாடகை 25,000 ரூபாய். ஓனர் ஓய்வு பெற்ற ஆசிரியர், அவருக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லை. வாடகைக்கு நான்தான் வரி கட்ட வேண்டும் என்று இப்போது, அக்டோபரில், ஆடிட்டர் சொல்கிறார். ஓனரிடம் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறார் புரோக்கர். பக்கத்துக் கடைக்காரரோ எதுவுமே கட்டவில்லை. கட்டினால் இந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் ஆடிட்டர் சொல்வது சரி. புரோக்கர் சொல்வதைக் கேட்டால் ஒரே வரியை இரண்டு முறை கட்டுவீர்கள். முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவர் யாரிடமும் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. நீங்கள் 25,000-உடன் 4,500 சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பணம் அரசுக்குப் போக வழியே இல்லை. ஓனர் கணக்கில்தான் கிடக்கும். பாதி நேரம் அவருக்கே அது எதற்கான பணம் என்று தெரியாது. என்னிடம் வந்த ஒருவர் 40,000 ரூபாய் வாடகைக்கு மாதம் 7,200 வீதம் 14 மாதம் இப்படிக் கொடுத்திருந்தார். கூட்டிப் பார்த்தால் 1,00,800 ரூபாய். துறையிலிருந்து நோட்டீஸ் வந்ததும் அதே தொகையை வட்டியோடு மறுபடி கட்டினார். ஏற்பாடு செய்த புரோக்கர் அதற்குள் போன் நம்பரை மாற்றிவிட்டார்.

பதிவு இல்லாதவரிடமிருந்து, பதிவு உள்ளவர் கடையோ குடோனோ வாடகைக்கு எடுத்தால், வரியை வாடகைக்கு இருப்பவரே நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். இதுதான் ரிவர்ஸ் சார்ஜ். 2024 அக்டோபர் 10 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வாடகை 5,000 ரூபாயாக இருந்தாலும் இது பொருந்தும், குறைந்தபட்ச வரம்பு ஏதும் கிடையாது. ஓனருக்கு வாடகையை மட்டும் கொடுங்கள்.

அப்படியானால் பக்கத்துக் கடைக்காரர்? அனேகமாக அவர் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பார். கடை போர்டில் ஜிஎஸ்டி நம்பருக்குக் கீழே ‘காம்போசிஷன்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது. இந்த விதியைக் கொண்டுவந்தபோது காம்போசிஷன்காரர்களையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். விற்பனையில் ஒரு சதவீதம் கட்டி ஒதுங்கிவிடும் சின்ன மளிகைக் கடைக்காரர், வாடகைக்கு மட்டும் 18 சதவீதம் கட்ட வேண்டும் என்றார்கள். வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் அவருக்குக் கிடையாது, அதனால் அது முழுக்கச் செலவு. சத்தம் கிளம்பிய பிறகு, 2025 ஜனவரி 16 முதல் அவர்களை விலக்கினார்கள். இடைப்பட்ட மூன்று மாதச் சொச்சத்துக்கு என்ன வழி? கட்டியவர்களுக்குக் கட்டியது கட்டியதுதான், கட்டாதவர்களிடம் கேட்கப் போவதில்லை என்றார்கள். ஒழுங்காகக் கட்டியவருக்குக் கிடைத்த பரிசு அது. எப்படியோ, இன்று அவருக்கு வரி இல்லை, சாதாரணத் திட்டத்தில் இருக்கும் உங்களுக்கு உண்டு. நாளைக்கு அவர் காம்போசிஷனை விட்டு வெளியே வந்தால், அன்றிலிருந்து அவருக்கும் இது வந்துவிடும். அவரைப் பார்த்து நீங்கள் சும்மா இருக்க முடியாது.

இனி பணம். மாதம் 4,500 ரூபாய், அதாவது மத்திய வரி 2,250, மாநில வரி 2,250. இதை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். உங்கள் கிரெடிட் லெட்ஜரில் இரண்டு லட்சம் இருந்தாலும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்குக் கழிக்க முடியாது. கட்டிய அதே மாத ரிட்டனிலேயே அந்த 4,500-ஐ இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதத்தைப் பார்ப்போம். விற்பனை மீதான வரி 60,000, சரக்கு வாங்கியதில் கிரெடிட் 52,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 8,000 கட்டுவீர்கள். இப்போது வாடகைக்கு 4,500 ரொக்கம். கிரெடிட் 56,500 ஆகிவிடுவதால் விற்பனை வரிக்கு 3,500 கட்டினால் போதும். மொத்தம் அதே 8,000. அரசுக்கு ஒரு காசு கூடுதல் வரவில்லை, உங்களுக்குத்தான் எழுத ஒரு பில்லும் ரிட்டனில் நிரப்ப இரண்டு கட்டங்களும் கூடின. தீபாவளிக்கு முன் மொத்தமாகச் சரக்கு எடுத்து, கிரெடிட் மிஞ்சும் மாதத்தில் மட்டும் 4,500 கையை விட்டுப் போய் லெட்ஜரில் உட்கார்ந்திருக்கும். பிறகு விற்பனையில் கழியும்.

‘போனதும் வந்ததும் ஒன்றுதானே, காட்டாமல் விடுங்கள்’ என்று ரிட்டன் போட்டுக் கொடுக்கும் சிலர் சொல்வார்கள். மாதம் 500 ரூபாய்க்கு நூறு பேருக்கு ரிட்டன் போடுகிறவருக்கு அது வசதி. ஆனால் கட்டாத வரிக்கு கிரெடிட் இல்லை. இரண்டு வருடம் கழித்து கேட்பு வரும்போது வட்டியும் அபராதமும் உங்கள் பெயருக்குத்தான் வரும். `GSTR-3B` படிவத்தில் `3.1(d)` கட்டத்தில் வாடகையும் வரியும், `4(A)(3)` கட்டத்தில் கிரெடிட்டும் இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். ஓனர் பதிவில்லாதவர் என்பதால் இந்த எண்கள் தானாக வந்து விழாது, கையால்தான் போட வேண்டும்.

கிரெடிட்டுக்கு ஆதாரமாக ஒரு பில் வேண்டும். ஓனர் வரி பில் தர முடியாது என்பதால் நீங்களே உங்களுக்கு எழுதிக்கொள்ள வேண்டும். வரிசை எண், தேதி, ஓனர் பெயர், முகவரி, எந்த மாத வாடகை, சேவைக் குறியீடு 997212, வரித் தொகை, ரிவர்ஸ் சார்ஜ் என்ற குறிப்பு, இவ்வளவு இருந்தால் சரி. 30 நாளுக்குள் எழுத வேண்டும் என்பது 2024 நவம்பர் முதல் விதி. வாடகை கொடுக்கும் அன்றே எழுதிவிடுங்கள். ஓனருக்குப் பணம் கொடுத்ததற்கு ஒரு வவுச்சரும் போட்டு வையுங்கள். வாடகையை வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை விட்ட ஐந்து மாதத்தை, இப்போது போடப் போகும் செப்டம்பர் ரிட்டனிலேயே சேர்த்துக் கட்டிவிடுங்கள். வரி 22,500. தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, ஒரு மாத வரிக்கு மாதம் 67 ரூபாய் 50 பைசா. ஏப்ரல் வரி ஐந்து மாதம் தாமதம், ஆகஸ்ட் வரி ஒரு மாதம். எல்லாம் சேர்த்து வட்டி ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். அது மட்டும் திரும்ப வராது. 22,500 முழுக்க கிரெடிட்டாக வரும். அதற்கான பில்களை இன்றைய தேதியிட்டு எழுதுங்கள், பழைய தேதி போடாதீர்கள். பில் எழுதும் நிதியாண்டை வைத்துத்தான் கிரெடிட்டுக்கான கெடு கணக்காகும் என்று 2024 ஜூனில் வந்த சுற்றறிக்கை சொல்லிவிட்டது. அதனால் பழைய தேதி போட்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, மாட்டினால் கேடு.

அப்புறம், ஓனரிடம் கொடுத்த அட்வான்ஸ். திரும்பி வர வேண்டிய டெபாசிட்டாக இருக்கும்வரை அதற்கு வரி இல்லை. கடையைக் காலி செய்யும்போது ‘கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வீர்கள் பாருங்கள், அந்த இரண்டு மாதத்துக்கும் பணம் கைமாறாவிட்டாலும் 4,500 வீதம் வரி உண்டு.