பசியா, சலிப்பா?

“இரவு நன்றாகச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறேன். நிஜமாகவே பசிக்கிற மாதிரிதான் இருக்கிறது.”

அந்த நேரத்தில் வெறும் சோறோ அவித்த முட்டையோ கொடுத்தால் சாப்பிடுவீர்களா? ‘வேண்டாம், பிஸ்கட்தான் வேண்டும்’ என்று மனசு சொன்னால் அது பெரும்பாலும் பசி இல்லை. பசி மெல்ல ஏறும், எது கிடைத்தாலும் சரி என்று இறங்கி வரும். சலிப்பும் சோகமும் திடீரென்று வந்து ஒரே பண்டத்தைக் கேட்கும். இனிப்பு கொஞ்ச நேரம் மனதை இலேசாக்குகிறது. மூளை அதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை மனம் வாடியதுமே டப்பாவை நினைவூட்டுகிறது.

எனக்கு இது போனை வைத்த மறு நிமிடம் வரும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு 15 நிமிடம் பாத்திரம் கழுவுவேன். பாதி நாள் மறந்தே போகும். மறக்காமல் வயிறு இரைந்தால் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ஆனால் பகலில் அரைவயிறாக இருந்தாலோ தூக்கம் குறைந்தாலோ வருவது உண்மைப் பசியாகவே இருக்கலாம், அதோடு மல்லுக்கட்டாதீர்கள். நிறுத்தவே முடியாமல் அடிக்கடி அளவுமீறிச் சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.